ஒன்றா, ஏழா? தரவு உள்ளீட்டாளர்களுக்கான கிளைவழிப் பாடம்

கிளைவழிப் பாடத்தில் கணினித் திரை ஒரு சூழ்நிலையைக் காட்டும். படிப்பவர் என்ன செய்வார் என்று கேட்கும். அவர் தேர்ந்தெடுப்பதைப் பொறுத்து அடுத்த திரை மாறும். பயிற்சித் துறையில் இருப்பவர்கள் இதை 'பிராஞ்சிங் சினாரியோ' என்பார்கள். பாடத்தைப் படித்து முடித்ததும் பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லும் வழக்கமான மின்பாடத்தில் தவறான விடைக்குச் சிவப்புக் குறி கிடைக்கும், அவ்வளவுதான். கிளைவழிப் பாடத்தில் தவறான முடிவுக்கு அந்த முடிவின் விளைவே கிடைக்கும்.

இந்த முறை கணினித் திரைக்கும் முந்தியது. அமெரிக்க விமானப்படையில் மின்னணுக் கருவிகளின் பழுதைக் கண்டுபிடிக்கப் பயிற்சி அளித்த நார்மன் கிரவுடர் 1950-களில் இதை வகுத்தார். அவருடைய புத்தகங்களில் பக்கங்கள் வரிசையாக ஓடவில்லை. ஒரு பக்கத்தின் அடியில் கேள்வி இருக்கும். எந்த விடையைத் தேர்ந்தாலும் அதற்குரிய பக்க எண்ணுக்குப் போக வேண்டும். தவறான விடையின் பக்கம் அந்தத் தவறு எப்படி நேர்ந்தது என்று விளக்கிவிட்டுத் திருப்பி அனுப்பும். தவறு செய்தவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும் என்பதே அவருடைய கருத்தின் மையம்.

தரவு உள்ளீட்டு வேலைக்கு இந்த முறை பொருந்துவதற்குக் காரணம் உண்டு. அந்த வேலையில் நேரும் பிழை சத்தம் போடாது. ஒரு எண்ணைத் தவறாக அடித்தால் கணினி நிற்பதில்லை; 'சேமிக்கப்பட்டது' என்றே சொல்கிறது. விளைவு பல நாள் கழித்து, வேறு இடத்தில், வேறு ஒருவருக்கு வருகிறது. அடித்தவர் அதைப் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. அதனால் எத்தனை ஆண்டு வேலை செய்தாலும் அனுபவம் மட்டுமே அவருக்கு இதைக் கற்றுத் தருவது கடினம். பிரிந்து கிடக்கும் இந்த இரண்டையும் பத்து நிமிடத்துக்குள் ஒரே ஆளின் கண்முன் சேர்த்து வைப்பதுதான் பாடத்தின் வேலை.

ஒரு கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவை எடுத்துக்கொள்ளலாம். மாணவர்கள் கையால் நிரப்பிய 80 படிவங்கள். பெயர், வங்கிக் கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு ஆகியவற்றை உள்ளிட்டு மாலை 5 மணிக்குள் வங்கிக்கு அனுப்பும் கோப்பைத் தயாரிக்க வேண்டும். 37-ஆம் படிவத்தில் கணக்கு எண்ணின் கடைசிக்கு முந்தைய இலக்கம் 1-ஆ, 7-ஆ என்று தெரியவில்லை. பேனா மை லேசாக இழுபட்டிருக்கிறது.

இந்த ஒரு இலக்கம் ஏன் இவ்வளவு முக்கியம்? ஆதார் எண்ணாக இருந்தால் மென்பொருளே பிடித்துவிடும். அதன் பன்னிரண்டாவது இலக்கம், முதல் பதினொன்றிலிருந்து வெர்ஹோஃப் முறையில் கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம். நடுவில் ஒரு இலக்கம் மாறினால் கணக்கு ஒத்துவராது. வங்கிக் கணக்கு எண்ணுக்கு எல்லா வங்கிக்கும் பொதுவான அப்படி ஒரு சோதனை கிடையாது. நீளமே வங்கிக்கு வங்கி மாறும். பெயர் காப்பாற்றும் என்றும் நம்ப முடியாது. மின்னணுப் பணமாற்றத்தில் கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வரவு வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2010-இல் வங்கிகளுக்கு அறிவித்தது. எண் தவறாக இருந்து அந்த எண்ணில் யாருக்காவது கணக்கு இருந்தால், பணம் அவருக்குப் போய்விடும்.

திரை நான்கு வழிகளைத் தருகிறது: 1 என்று அடிப்பது, 7 என்று அடிப்பது, இப்போதைக்கு 0 போட்டுச் சேமிப்பது, படிவத்தை நிலுவையில் வைத்து மாணவரிடம் பாஸ்புக் முதல் பக்க நகல் கேட்பது. மூன்றாவது வழி அபத்தமாகத் தோன்றலாம். ஆனால் கட்டத்தைக் காலியாக விட்டால் மென்பொருள் சேமிக்காது. எதையாவது போட்டு நகர்ந்துவிட்டு 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்பது அலுவலகங்களில் உள்ள பழக்கம். பாடத்தில் வைக்கும் வழிகள் ஆபரேட்டர்கள் நிஜமாகவே செய்பவையாக இருக்க வேண்டும். யாரும் செய்யாத முட்டாள்தனத்தைப் பட்டியலில் சேர்ப்பது வீண்.

7 என்று அடித்தவருக்குத் திரையில் உடனே ஒன்றும் நடப்பதில்லை. 80 படிவமும் முடிகிறது, கண்காணிப்பாளர் "முடிச்சுட்டீங்களா? சீக்கிரமா இருக்கே, நல்லது" என்கிறார். அடுத்த திரையில் மூன்று வாரம் கடந்திருக்கிறது. மேசைக்கு எதிரே மாணவியின் தந்தை நிற்கிறார்: "எல்லாப் பிள்ளைங்களுக்கும் வந்துருச்சு சார், எங்களுக்கு மட்டும் வரலை." பதிவேட்டில் 'வரவு வைக்கப்பட்டது' என்றே இருக்கிறது. வங்கியில் விசாரித்தால் பணம் வேறு மாவட்டத்தில் யாரோ ஒருவர் கணக்கில் இருக்கிறது. அதைத் திரும்பப் பெற அனுப்பிய வங்கி அந்த வங்கிக்கு எழுத வேண்டும். கணக்குக்காரர் சம்மதிக்க வேண்டும். அவர் எடுத்துச் செலவழித்திருந்தால் அடுத்த வழி புகாரும் வழக்கும்தான்.

0 போட்டவரின் விளைவு இதைவிட லேசு. அப்படி ஒரு கணக்கே இல்லை. நெஃப்ட் விதிப்படி வரவு வைக்க முடியாத தொகை சில மணி நேரத்தில் அனுப்பிய கணக்குக்கே திரும்பிவிடும். ஆனால் அலுவலகத்தில் திரும்பிய பட்டியலை யாராவது பார்த்தால்தான் அது தெரியும். பாடத்தில் அந்தப் பட்டியல் பத்து நாள் யாரும் திறக்காத மின்னஞ்சலில் கிடக்கிறது.

வடிவமைப்பவருக்கு மிகவும் சிக்கலானது 1 என்று அடிக்கும் கிளைதான். ஏனென்றால் இந்தக் கதையில் 1 சரியான இலக்கம். ஊகம் பலித்துவிட்டது, பணம் உரியவருக்கே சேர்ந்துவிட்டது. இங்கே பச்சைக் குறி காட்டினால், ஊகித்து அடிக்கலாம் என்று பாடமே கற்றுக்கொடுத்ததாகிவிடும். 'தவறு' என்று காட்டினால் அது பொய். படிப்பவர் அந்த நொடியிலேயே பாடத்தின் மீது நம்பிக்கை இழப்பார். நேர்மையான வழி ஒன்று உண்டு. பாராட்டும் இல்லாமல் கண்டிப்பும் இல்லாமல் அடுத்த படிவத்துக்கு நகர்த்த வேண்டும். 52-ஆம் படிவத்திலும் 61-ஆம் படிவத்திலும் அதே மாதிரி மங்கலான இலக்கத்தை வைக்க வேண்டும். முதல் ஊகம் பலித்த துணிச்சலில் அடிக்கும் மூன்றில் ஏதாவது ஒன்று பிசகும். கடைசித் திரை இப்படிச் சொல்லும்: '3 இலக்கங்கள் ஊகத்தில் அடிக்கப்பட்டன. இரண்டு சரியாக அமைந்தன.' எந்த இரண்டு என்று அடித்தபோது அவருக்கே தெரிந்திருக்காது. இந்த ஒரு வரிக்காகவே இவ்வளவு பாடத்தையும் எழுதலாம்.

நான்காவது வழி சரியான வழி என்பதால் அதைச் சுகமானதாகக் காட்டக் கூடாது. நிலுவையில் வைத்தவர் மாணவிக்குப் போன் செய்கிறார், ஸ்விட்ச் ஆஃப். மணி நான்கு நாற்பது. "என்ன, இன்னும் ஒண்ணு நிக்குதா?" என்று கண்காணிப்பாளர் கேட்கிறார். கோப்பு 79 பெயருடன் போகிறது. அந்த மாணவிக்கு அடுத்த தவணையில்தான் பணம் வரும், ஒரு வாரம் தாமதம். வேலையிடத்தில் சரியாகச் செய்வதற்கும் விலை உண்டு. அதை மறைத்துப் பாடம் எழுதினால், மறுநாள் மேசையில் உட்கார்ந்ததுமே ஆபரேட்டருக்குப் பாடம் பொய் என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது முடிச்சு பிழையைக் கண்டுபிடித்த பிறகு வருகிறது. கோப்பு வங்கித் தளத்தில் ஏற்றப்பட்டுவிட்டது; உயர் அலுவலர் ஒப்புதல் தருவது மட்டும் பாக்கி. அப்போது, 16 இலக்கக் கணக்கு எண்கள் அத்தனையும் 0-வில் முடிவதை ஆபரேட்டர் கவனிக்கிறார். எக்செல் ஒரு எண்ணில் முதல் 15 இலக்கங்களை மட்டுமே காப்பாற்றும். பதினாறாவதை 0 ஆக்கிவிடும். கட்டத்தை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று மாற்றியிருந்தால் இது நேர்ந்திருக்காது. இப்போது என்ன செய்வது? உடனே சொல்வதா, தன் கணினியில் உள்ள பிரதியை மட்டும் திருத்திவிட்டு அமைதியாக இருப்பதா, பணம் திரும்பி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதா?

உடனே சொன்னால் ஒப்புதலை நிறுத்தி, கோப்பை ரத்து செய்து, மறுபடி ஏற்றலாம். கண்காணிப்பாளர் எரிச்சலோடு இரண்டு வார்த்தை சொல்வார், அன்று வீட்டுக்குப் போக ஏழு மணி ஆகும். பிரதியை மட்டும் திருத்தியவருக்கு வரும் விளைவு கொடியது. அலுவலகப் பிரதி ஒன்று, வங்கிக்குப் போனது வேறொன்று. பிறகு யார் வந்து ஒப்பிட்டுப் பார்த்தாலும் பிழை எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது.

எழுத உட்காரும்போது முதலில் பயமுறுத்துவது எண்ணிக்கை. நான்கு வழிகள் கொண்ட முடிச்சு ஐந்தை அடுத்தடுத்து வைத்து ஒவ்வொரு கிளையையும் தனியே வளர்த்தால் 1,024 முடிவுகள் எழுத வேண்டும். யாராலும் முடியாது. அதனால் கிளைகள் பிரிந்து, தன் விளைவைக் காட்டிவிட்டு, மறுபடி ஒரே திரையில் சேர்கின்றன. நடந்ததை ஒரு மாறி நினைவில் வைத்துக்கொள்கிறது. கிறிஸ் கிளைமஸ் 2009-இல் வெளியிட்ட ட்வைன் என்ற இலவச மென்பொருளில் இதை எழுதினால் இப்படி இருக்கும்:

```
:: Form37
கடைசிக்கு முந்தைய இலக்கம் 1-ஆ, 7-ஆ?
[[1 என்று அடிக்க->Guess1]]
[[7 என்று அடிக்க->Guess7]]
[[0 போட்டுச் சேமிக்க->Zero]]
[[நிலுவையில் வைக்க->Hold]]

:: Guess1
(set: $guess to it + 1)
[[அடுத்த படிவம்->Form38]]
```

`Guess1`, `Guess7` இரண்டும் `Form38`-இலேயே சேரும். `$guess` மட்டும் எத்தனை முறை ஊகித்தார் என்பதைச் சுமந்துகொண்டு போகும். மூன்று வாரம் கழித்து நிற்கும் தந்தை வருவாரா, கடைசித் திரை என்ன சொல்லும் என்பதை இது போன்ற மாறிகள் தீர்மானிக்கும்.

எழுதி முடித்த பாடத்தை இரண்டு மூன்று ஆபரேட்டர்களிடம் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எல்லோரும் முதல் முறையே 'நிலுவையில் வைக்க' என்பதைத் தொட்டால் பாடம் தோற்றது என்று பொருள். அந்த வழி மற்றவற்றைவிட நீளமாகவோ நல்ல பிள்ளைத்தனமாகவோ எழுதப்பட்டிருக்கும். வாக்கியங்களை ஒரே அளவாக்கி, நேர நெருக்கடியை முன்னால் கொண்டுவந்தால் நிலைமை மாறும்.

எத்தனை பேர் பாடத்தை முடித்தார்கள் என்ற சான்றிதழ்க் கணக்கு ஒன்றையும் சொல்லாது. பார்க்க வேண்டியவை வேலையிடத்தில் உள்ள இரண்டு பட்டியல்கள்தான்: வங்கியிலிருந்து திரும்பிய தொகைகள், நிலுவையில் வைத்த படிவங்கள். பயிற்சிக்குப் பிந்தைய முதல் மாதத்தில் நிலுவைப் பட்டியல் நீண்டால் அதிகாரிகள் பதற வேண்டாம்; அதுவரை ஊகத்தில் அடித்துத் தள்ளப்பட்ட இலக்கங்கள் இப்போதுதான் வெளியே வருகின்றன.