பதிவுக்கு முன்பே போட வேண்டிய கணக்கு

திட்ட மேலாண்மையில் பகுதிநேரப் பட்டயப் படிப்பைத் தொடங்குவோர் பெரும்பாலும் கட்டணத்தைக் கணக்கிடுகிறார்கள், நேரத்தைக் கணக்கிடுவதில்லை. 'எப்படியாவது படித்துவிடலாம்' என்று பதிவு செய்துவிட்டு, மார்ச் மாதத்தில் பாடநூலை மூடி வைத்துவிடுகிறார்கள். பாடம் கற்பிக்கும் முதல் விதியைத் தம் படிப்புக்கே பயன்படுத்தியிருந்தால் இந்த நிலை வந்திராது. வேலையின் அளவை அளந்த பிறகே நாள் குறிக்க வேண்டும் என்பதே அந்த விதி.

அளவுகோல் நம் கைக்கு எட்டியதுதான். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒரு கிரெடிட்டை 30 மணி நேரப் படிப்பாகக் கொள்கிறது. வாசிப்பு, வகுப்பு, ஒப்படைப்பு எழுதுதல் எல்லாம் இதனுள் அடங்கும். ஆகவே நான்கு கிரெடிட் தாள் ஒன்றுக்கு 120 மணி நேரம் வேண்டும்.

புணே நகரில் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் பணிபுரியும் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கணவரும் வேலைக்குச் செல்பவர். மகள் ஆறாம் வகுப்பில் படிக்கிறாள். ஜனவரி முதல் மே முடிய 22 வாரங்கள்; ஜூனில் தேர்வு. ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச் இறுதியில் இரண்டு வாரங்கள், மகளின் ஆண்டுத் தேர்வுக்கு ஒரு வாரம், உறவினர் திருமணத்துக்கு ஒரு வாரம் என நான்கு வாரங்களைக் கழித்தால் எஞ்சுவது 18 வாரங்கள். இரண்டு நான்கு கிரெடிட் தாள்களுக்கு 240 மணி வேண்டும். வாரத்துக்குப் பதின்மூன்று மணிக்கும் மேல். வீட்டாருடன் அமர்ந்து பேசியதில் கிடைத்ததோ வாரத்துக்கு 11 மணி, மொத்தம் 198 மணி. பற்றாக்குறை 42 மணி.

இந்தப் பற்றாக்குறையைத் தூக்கத்திலிருந்து எடுப்பது பலரும் செய்யும் தவறு. நிறுவன விதி இடமளித்தால், ஒரு நான்கு கிரெடிட் தாளும் ஓர் இரண்டு கிரெடிட் தாளும் எடுத்துக்கொள்வதே முறை. அப்போது தேவை 180 மணி, அதாவது வாரத்துக்குப் பத்து மணி. எஞ்சும் ஒரு மணியே எதிர்பாராதவற்றுக்கான சேமிப்பு.

அவருடைய வாரம் இவ்வாறு அமைகிறது:

திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி: காலை 5 முதல் 6.30 வரை பாட வாசிப்பும் குறிப்பெடுத்தலும்.
சனி: பிற்பகல் 2 முதல் 5 வரை கணக்குகளும் ஒப்படைப்பும். அந்நேரம் மகளைக் கவனிப்பது கணவரின் பொறுப்பு.
ஞாயிறு: காலை 10 முதல் 12 வரை இணையவழி வகுப்பு.
புதன்: படிப்பு இல்லை.

கணக்குகளைச் சனிக்கிழமைக்கு ஒதுக்கியதற்குக் காரணம் உண்டு. வலைப்பின்னல் வரைபடத்தில் ஒவ்வொரு பணியும் எப்போது தொடங்கும், எவ்வளவு தாமதம் தாங்கும் என்று முன்னும் பின்னுமாகக் கணக்கிட வேண்டும். இடையில் ஒரு பணியில் பிழை நேர்ந்தால் அதைச் சார்ந்து வரும் எண்களும் பிழையாகக்கூடும். பாதியில் எழுந்து போனவர் மறுநாள் முதலிலிருந்தே தொடங்க நேரும். வாசிப்போ துண்டு துண்டான நேரத்தையும் தாங்கும். புதன்கிழமை காலியாக இருப்பதும் சோம்பலுக்காக அன்று. குழந்தைக்குக் காய்ச்சல் வந்து தவறிய ஒரு காலைப் பொழுதை அன்று ஈடுகட்டலாம். வேறெந்த நாளிலும் ஈடுகட்ட முயலக் கூடாது.

இனி, பின்தங்குவதை அறிவது எப்படி? அமர்ந்த மணிகளை எண்ணினால் ஏமாந்துபோவோம். முடித்த பாட அலகுகளை எண்ண வேண்டும். 'ஈட்டிய மதிப்பு' எனப் பாடநூல் கூறுவது இதுவே. ஆறு வாரங்களில் 60 மணிக்குரிய அலகுகள் முடிந்திருக்க வேண்டும். முடிந்தவை 48 மணிக்குரியவை என்றால், எத்தனை மணி நேரம் அமர்ந்திருந்தாலும் பின்னடைவு 12 மணிதான். மீதமுள்ள 12 வாரங்களின் சேமிப்பும் வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு மணிதான். அதாவது இனி ஒரு மணிகூடத் தவறக் கூடாத நிலை.

பின்னடைவு அதைவிடக் கூடினால், இரண்டு கிரெடிட் தாளை டிசம்பர்த் தேர்வுக்கு ஒத்திவைத்துவிடுவது நலம். ஆறாவது வாரத்தில் எடுக்கும் இந்த முடிவு ஒரு தாளை மட்டுமே தாமதப்படுத்தும். மே மாதத்தில் எடுத்தாலோ, அதற்குள் இரண்டு தாள்களும் அரைகுறையாக நின்றிருக்கும். ஒப்படைப்புக்கான கடைசி நாளும் கடந்திருக்கக்கூடும்.

எனவே, விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன் ஒரு நாட்காட்டியை எடுத்து, படிக்க இயலாத வாரங்களை முதலில் அடித்துவிடுங்கள். எஞ்சும் வாரங்களே எத்தனை தாள்கள் என்பதைத் தீர்மானிக்கட்டும்.