விளக்குக்குப் பிறகு ஜெபமாலை

பொங்கலும் கிறிஸ்துமஸும் ஒரே வீட்டில் நடப்பதால் பெரிய தகராறு வருவதில்லை. புதுத்துணியும் பலகாரமும் இரண்டு பங்கு ஆகும், அவ்வளவுதான். மார்கழியில் வாசல் கோலத்தில் பூசணிப்பூ இருக்கும்; தலைக்கு மேலே காகித நட்சத்திரம் தொங்கும். பார்க்க நன்றாகவே இருக்கும். சங்கடம் வருவது திருநாள் இல்லாத நாட்களில்: சாயங்காலம் ஆறு மணிக்கு, அமாவாசையன்று, குழந்தைக்கு முதல் முடி இறக்கும்போது, வீட்டில் ஒருவர் இறக்கும்போது.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி சென்னையில் இருக்கிறார்கள். கணவர் தூத்துக்குடிக் கத்தோலிக்கர். மனைவி கும்பகோணம் பக்கத்து இந்துக் குடும்பம். கணவரின் தாயாரும் கூடவே இருக்கிறார். இருவரும் மதம் மாறவில்லை. கோயிலில் கல்யாணம் நடக்க ஆயரின் விலக்கு வேண்டியிருந்தது; பங்குத்தந்தை வழியாக எழுதி வாங்கினார்கள். இந்த இடத்தில் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. இந்துப் பெண் எதிலோ கையெழுத்துப் போட்டு மாறிவிட வேண்டும் என்று நினைப்பார்கள். திருச்சபைச் சட்டப்படி வாக்குக் கொடுப்பவர் கத்தோலிக்கர் மட்டுமே. தன் விசுவாசத்தைக் காப்பேன், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கிடைக்க என்னால் ஆனதைச் செய்வேன் என்பது அவர் வாக்கு. அப்படி ஒரு வாக்கு இருக்கிறது என்பதை மற்றவருக்குத் தெரிவித்தால் போதும். அதைத் தாலி கட்டும் முன்பே தெரிந்துகொள்வதற்கும், பிள்ளை பிறந்த பிறகு தெரிந்துகொள்வதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பட்டவர்களிடம் கேட்க வேண்டும்.

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற கேள்வி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, நாம் தத்துவ போதகர் என்று அறிந்தவர், இதே கேள்வியோடுதான் மல்லுக்கட்டினார். சந்தனம் பூசுவது நாட்டு வழக்கமா, தெய்வ வழிபாடா? வழக்கம் என்றால் கிறிஸ்தவனானவனும் வைத்துக்கொள்ளலாம் என்றார். 1623-ல் ரோம் அதற்கு இசைந்தது. 1744-ல் ஒரு பாப்பரசரின் ஆணை கெடுபிடியை இறுக்கியது. இன்று ஒரு கத்தோலிக்கப் பெண்ணின் தாலியில் சிலுவையோ புறாவோ இருப்பதைப் பார்த்தால், அந்த வழக்கில் கடைசியில் யார் வென்றார்கள் என்று தெரியும்.

இந்தத் தம்பதியும் தெரியாமலே நொபிலியின் வழியில்தான் பிரித்தார்கள். கோலம், வளைகாப்பு, தாய்மாமன் சீர் எல்லாம் வழக்கம், இருவருக்கும் பொது. பூஜையும் பூசையும் அவரவர்க்கு உரியவை. பிரதோஷத்துக்கு அவர் கூப்பிட்டுக்கொண்டு போய் விடுவார், உள்ளே போய்க் கும்பிடுவதில்லை. ஞாயிறு பூசையில் அவள் உடன் உட்காருவாள், நன்மை வாங்க எழுந்து போவதில்லை. மாலையில் ஆறு மணிக்கு அவள் விளக்கேற்றுவாள். எட்டு மணிக்கு மாமியார் ஜெபமாலை சொல்வார். மாதா மாதமான மே மாதத்திலும், ஜெபமாலை மாதமான அக்டோபரிலும் மகனும் கட்டாயம் உட்கார வேண்டும். ஐம்பத்து மூன்று மணி மந்திரம் முடிய இருபது நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் தொலைக்காட்சி ஓடாது என்பது மட்டும் மருமகளின் பங்கு.

ஆனால் வழக்கம், வழிபாடு என்ற கோடு அடுப்படிக்குள் நேராக ஓடாது. சர்க்கரைப் பொங்கல் வெறும் சாப்பாடுதான், படைத்துவிட்டால் பிரசாதம். கணவர் எதையும் யோசிக்காமல் சாப்பிட்டுவிடுவார். மாமியார் படைத்ததைத் தொடமாட்டார். சிலைக்குப் படைத்த உணவைப் பற்றிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதியது அவருக்கு மனப்பாடம். முதல் வருஷம் ஒரு விநாயகர் சதுர்த்தியில் படைத்த கொழுக்கட்டையை யாரோ சொல்லாமல் தட்டில் வைத்துவிட, பிறகு தெரிந்து அவர் ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. அதிலிருந்து அவள் இறக்கிய உடனே ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிடுகிறாள். "அத்தை, இது படைக்கறதுக்கு முன்னாடி எடுத்தது" என்று ஒரு வார்த்தை. ஒளிக்காமல் சொல்வதுதான் முக்கியம். சாப்பாட்டில் ஏமாற்றப்பட்டதை எந்த மாமியாரும் மறப்பதில்லை.

நாள் பார்ப்பதிலும் இடிக்கும். தவக்காலம் சாம்பல் புதனில் தொடங்கி ஈஸ்டர் வரை ஓடும். அப்போது அவர் வீட்டில் விசேஷம் வைக்கமாட்டார்கள். அது பெரும்பாலும் மாசி பங்குனியில் விழும். ஆடியும் மார்கழியும் அவள் வீட்டுக்கு ஆகாது. இவை போக மீதி இருப்பதில்தான் காதுகுத்து. குழந்தைக்கு முதல் முடியை எங்கே இறக்குவது என்பதில் இரண்டு பாட்டிகளும் பிடிவாதமாக இருந்தார்கள். வேளாங்கண்ணியில் மொட்டையும் உண்டு, காவி கட்டி நடப்பதும் உண்டு. ஆகையால் கடைசியில் வேளாங்கண்ணிதான். ஆனால் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டவர் தாய்மாமன், சீர் கொண்டுவந்ததும் அவர்தான். குலதெய்வம் அப்பா வழியில் வருவது என்ற அவள் வீட்டு நியாயமே இதற்கு ஒத்துழைத்தது.

சத்தமில்லாமல் விட்டவையும் உண்டு. மாதவிலக்கு நாட்களில் விளக்கைத் தொடாதது, ராகுகாலம் பார்ப்பது, குழந்தைக்கு ஜாதகம் எழுதுவது: மூன்றையும் அவளே விட்டாள். யாரும் சொல்லி விட்டதல்ல. என் கணிப்பு இதுதான்: ஒரு சடங்கை அதற்கு உரியவர் விட்டால் அது போய்விடும்; மற்றவர் விடச் சொன்னால் அது எங்கேயோ காத்துக்கொண்டிருக்கும்.

அப்படிக் காத்திருந்த ஒன்று அமாவாசைப் படையல். கல்யாணமான புதிதில், "இதெல்லாம் வேண்டாமே" என்று அவர் சொன்னதற்காக அவள் நிறுத்தியிருந்தாள். அவளுடைய அப்பா இறந்தபோது அண்ணன் கொள்ளிவைத்தார், பதினாறாம் நாள் கருமாதியும் ஊரிலேயே முடிந்தது. அடுத்த ஆடி அமாவாசையன்று சென்னையில் அவளுக்குச் செய்ய ஒன்றுமில்லை. காலையிலிருந்து அழுதுகொண்டிருந்தாள். அவருக்கு முதலில் காரணமே புரியவில்லை. வழி சொன்னது மாமியார். "நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு நாம கல்லறையைக் கழுவி, பூ வைச்சு, மெழுகுவத்தி ஏத்தலையா? அவளுக்குக் கல்லறை இல்ல, அவ எங்க போவா?"

இப்போது ஆடி, தை அமாவாசைகளில் அவள் அப்பாவுக்குப் பிடித்த வாழைக்காய் வறுவலோடு இலை போட்டு, காகத்துக்கு வைத்துவிட்டுச் சாப்பிடுகிறாள். தர்ப்பணம் அண்ணன் பொறுப்பு. வாழையிலை வாங்கி வருவது கணவர். அவர் கும்பிடுவதில்லை, பக்கத்தில் நிற்கிறார். நவம்பர் 2-ல் மாமனாரின் கல்லறைக்கு அவள் சாமந்தி கட்டுகிறாள்.

இன்னும் முடியாத பேச்சு அவர்கள் இருவரின் சாவைப் பற்றியது. அவளுக்கு எரித்து, சாம்பலைக் காவிரியில் கரைக்க வேண்டும். கத்தோலிக்கர் எரியூட்டுவதை 1963-லேயே ரோம் அனுமதித்துவிட்டது. ஆனால் சாம்பலைக் கரைக்கவோ, பிரித்துக் கொடுக்கவோ கூடாது, புனிதமான இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அவருக்குத் தூத்துக்குடியில் குடும்பக் கல்லறை இருக்கிறது. அங்கே கிறிஸ்தவரல்லாத மனைவிக்கு இடம் கிடைக்குமா என்று பங்கில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இன்னும் கேட்கவில்லை. அவள் தன் விருப்பத்தை எழுதி அண்ணனிடம் கொடுத்துவிட்டாள். அதைக் கணவர் படித்தார். ஒரே இடத்தில் இருக்க முடியாதா என்று மட்டும் கேட்டாராம். மகள் பெரியவளானதும் அவளையும் உட்காரவைத்துப் பேசலாம் என்று இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள்.