ஜப்தியான நிலமும் அதை வாங்கியவரும்



பூந்தமல்லியைக் கடந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே சிறிது தூரம் சென்றால் நசரத்பேட்டை வரும். ஒரு காலத்தில் வயலும் தோப்புமாக இருந்த அவ்வூரில் இன்று மனைப்பிரிவுக் கற்களே கண்ணில் படுகின்றன. அங்கே ஒரு காலிமனையின் சுற்றுச் சுவரில் நீதிமன்ற முத்திரையுடன் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்ததை ஒரு நாள் கண்டேன். என்னுடன் வந்த என் பழைய மாணவர் ஒருவர், "ஐயா, இந்த மனை இனிமேல் கோர்ட்டுக்குச் சொந்தமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியானால் யாரும் வாங்கலாமா?" என்றார். அதற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலவில்லை. அந்த விடையையே இன்று சற்று விரிவாகச் சொல்லப் போகிறேன்.

ஜப்தி என்று மக்கள் வழங்குவதைச் சட்டத் தமிழில் பற்றுகை என்பர். வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்யும்போது அமீனா அவற்றை எடுத்துக்கொண்டு போய்விடுவார். நிலத்தை அவ்வாறு தூக்கிச் செல்ல முடியாது. ஆகவே 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் வேறு வழி வகுத்தது. நிலத்துக்குரியவர் அதை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்றும், அவரிடமிருந்து யாரும் அதனால் பயன் பெறக்கூடாது என்றும் நீதிமன்றம் ஒரு தடையாணை பிறப்பிக்கிறது. அந்த ஆணையை நிலத்தில் அல்லது அதன் அருகில் தண்டோரா போட்டோ, வழக்கமான வேறு முறையிலோ அறிவிக்க வேண்டும். அதன் நகலை நிலத்தில் பலர் கண்ணில் படும் இடத்திலும் நீதிமன்றக் கட்டடத்திலும் ஒட்ட வேண்டும். அரசுக்கு வரி செலுத்தும் நிலமானால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும், கிராம நிலமானால் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும்.

இவை வெறும் சடங்குகள் அல்ல. சென்னை மாகாணத்திலிருந்து இலண்டன் பிரிவி கௌன்சிலுக்குச் சென்ற ஒரு வழக்கில் 1928இல் தீர்ப்பளித்த நீதிபதிகள், ஆணை எழுதப்பட்டதனால் மட்டும் சொத்து ஜப்தியாகிவிடாது என்றனர். ஆணையும் பிறக்க வேண்டும்; அதை நிறைவேற்றச் சட்டம் சொன்ன காரியங்களும் நடந்து முடிய வேண்டும் என்பது அவர்கள் கருத்து. ஆகவே, எந்த நாளில் ஆணை பிறந்தது, எந்த நாளில் அமீனா நிலத்தில் தாளை ஒட்டினார் என்ற இரண்டு தேதிகளையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் வழக்கு வரும்போது வக்கீல்கள் முதலில் தேடுவது இவற்றைத்தான்.

இன்னொரு வகையையும் அறிந்துகொள்ள வேண்டும். தீர்ப்பு வந்த பிறகுதான் ஜப்தி வரும் என்று பலர் எண்ணுகின்றனர். கடன்காரர் தமக்கு எதிராக வரக்கூடிய தீர்ப்பை வீணாக்கும் எண்ணத்துடன் சொத்தை விற்க முயல்கிறார் என்று நீதிமன்றம் கருதினால், வழக்கு நடக்கும்போதே ஜப்தி செய்யலாம். கடன்காரர் தக்க ஜாமீன் கொடுத்தாலோ, வழக்குத் தள்ளுபடியானாலோ அது நீங்கிவிடும். கடன் கொடுத்தவருக்குச் சாதகமாகத் தீர்ப்பாகிவிட்டால், மறுபடி ஜப்தி செய்ய வேண்டியதில்லை. பழைய ஜப்தியே தொடரும்.

இப்போது ஓர் எடுத்துக்காட்டைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெயர்கள் வேண்டா, விற்பவர், வாங்குபவர், கடன் கொடுத்தவர் என்றே வைத்துக்கொள்வோம். நசரத்பேட்டையில் அரை கிரவுண்டு, அதாவது 1200 சதுர அடி மனை ஒன்று இருக்கிறது. விலை 60 லட்சம் ரூபாய். விற்பவர் ஒருவரிடம் வாங்கிய கடனுக்கு 9 லட்சம் ரூபாய் தர வேண்டும். பிப்ரவரி 5ஆம் நாள் அந்த மனை முறைப்படி ஜப்தியாகிறது. பிப்ரவரி 20ஆம் நாள் விற்பவர் அதைக் கிரயம் செய்து கொடுத்துவிடுகிறார். வாங்கியவர் உண்மையாகவே ஒன்றும் அறியாதவர். முழுப் பணமும் கொடுத்தவர்.

நடைமுறைச் சட்டத்தின் 64ஆவது பிரிவு இவருக்கு இரக்கம் காட்டவில்லை. ஜப்திக்குப் பின் நடந்த தனியார் விற்பனை, அந்த ஜப்தியின் கீழ் வசூலிக்கத்தக்க உரிமைகளைப் பொறுத்தவரை செல்லாது என்று அது கூறுகிறது. "எனக்குத் தெரியாது" என்பது அங்கே விடையாகாது. தண்டோராவும் ஒட்டிய தாளும் ஊருக்கெல்லாம் சொன்னதாகவே கொள்ளப்படும்.

ஆயினும் அந்தப் பிரிவின் வாசகத்தை மெதுவாகப் படிக்க வேண்டும். விற்பனை அடியோடு செல்லாது என்று அது சொல்லவில்லை. விற்றவர் நாளை வந்து, "ஜப்தி இருந்ததால் கிரயம் செல்லாது, மனையைத் திருப்பிக் கொடு" என்று கேட்க முடியாது. அவர்கள் இருவருக்குமிடையே கிரயம் கிரயந்தான். கடன் கொடுத்தவரின் முன்னிலையில் மட்டுமே அது இல்லாததுபோல் ஆகிறது. ஆகையால் 9 லட்சமும் அதற்குரிய வட்டியும் செலவும் நீதிமன்றத்தில் கட்டப்பட்டுவிட்டால் ஜப்தி நீங்கும். வாங்கியவரின் உரிமையும் நிலைக்கும்.

கட்டவில்லையானால் மனை ஏலத்துக்கு வரும். ஏலத்தில் 50 லட்சம் கிடைத்தது என்போம். இதற்குள் விற்பவருக்கு எதிராக 6 லட்சத்துக்குத் தீர்ப்புப் பெற்ற மற்றொருவர், ஏலப்பணம் நீதிமன்றத்துக்கு வருமுன் தமக்கும் பங்கு கேட்டு மனுச் செய்திருக்கிறார். 64ஆவது பிரிவின் விளக்கம் இவருடைய பங்கையும் ஜப்தியின் பாதுகாப்புக்குள் சேர்க்கிறது. வாங்கியவர் ஒரு கடனைத்தான் நினைத்திருப்பார். வந்து நிற்பதோ இரண்டு. 15 லட்சம் போக மீதி 35 லட்சமே அவருக்கு. 60 லட்சம் கொடுத்தவருக்கு மனையும் இல்லை, 25 லட்சமும் இல்லை. விற்றவர்மீது வழக்குத் தொடரலாம். 9 லட்சம் கடனையே அடைக்காதவரிடமிருந்து 25 லட்சம் எப்படி வரும் என்பதை உங்கள் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன்.

கடைசியாக ஒரு வாசல் திறந்திருக்கிறது. ஏலம் நடந்த 60 நாளுக்குள், ஏல அறிவிப்பில் கண்ட தொகையையும், ஏலம் எடுத்தவருக்காக ஏலத்தொகையில் நூற்றுக்கு 5 வீதத்தையும் கட்டினால் ஏலம் ரத்தாகும். நம் கணக்கில் அது 9 லட்சமும் இரண்டரை லட்சமுமாகப் பதினொன்றரை லட்சம். அறுபத்தோராம் நாள் வந்தால் அந்த வாசலும் மூடிவிடும்.

இனி, தேதிகளைச் சற்றே மாற்றிப் பார்ப்போம். கிரயப் பத்திரம் பிப்ரவரி 1இல் எழுதிக் கையொப்பமாகி, 5இல் ஜப்தி வந்து, 10இல் பதிவாகிறது. யார் வெல்வர்? பதிவுச் சட்டத்தின் 47ஆவது பிரிவுப்படி பதிவான பத்திரம் எழுதிய நாளிலிருந்தே செயல்படும். தமிழ்நாட்டிலிருந்து சென்ற இத்தகைய வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், ஜப்தி தோற்கும் என்று முடிவு செய்தது. 1991ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் அத்தீர்ப்பு வெளிவந்துள்ளது. மற்றொன்று: பிப்ரவரி 1இல் எழுதியது கிரயமன்று, கிரய ஒப்பந்தம் மட்டுமே, கிரயம் நடந்தது ஜப்திக்குப் பிறகு. கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் 1990இல் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தத்தால் ஏற்பட்ட கடமை முந்தியது என்று வாங்கியவரைக் காத்தது. 2002இல் நாடாளுமன்றம் 64ஆவது பிரிவில் ஓர் உட்பிரிவைச் சேர்த்து, ஜப்திக்கு முன்பே எழுதிப் பதிவும் செய்த ஒப்பந்தத்தின்படி நடக்கும் விற்பனைக்கு வெளிப்படையான விலக்களித்தது. "பதிவு செய்த" என்ற சொல்லைக் கவனியுங்கள். முன்தேதியிட்ட முத்திரைத்தாளில் ஒப்பந்தம் ஒன்றைச் சோடித்துக் கொண்டுவருவதைத் தடுக்கவே அது சேர்ந்தது என்பது என் எண்ணம். 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தங்களுக்குப் பதிவு கட்டாயம். செலவுக்கு அஞ்சி அதைத் தவிர்ப்பவர்கள் இந்தக் கவசத்தையும் சேர்த்தே தவிர்க்கிறார்கள்.

ஏன் இப்படி? ஜப்தி என்பது கடன் கொடுத்தவருக்கு நிலத்தில் ஒரு பங்கையும் கொடுப்பதில்லை. விற்பவரின் கையில் அன்று எவ்வளவு உரிமை இருந்ததோ அவ்வளவையே அது பிடித்து வைக்கிறது. முன்பே அடமானம் பெற்றவரும், முன்பே ஒப்பந்தம் செய்தவரும் முன்னே நிற்பது அதனால்தான்.

வரி அதிகாரிகளின் ஜப்தி சற்று வேறு குணமுடையது. விற்பவர் வியாபாரியாக இருந்து சரக்கு சேவை வரி பாக்கி வைத்திருந்தால், 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பாக்கி அவருடைய சொத்தின்மீது முதல் பொறுப்பாக ஏறுகிறது. விசாரணை நடக்கும்போதே 83ஆவது பிரிவின்படி தற்காலிக ஜப்தியும் செய்யலாம். அது ஓராண்டுக்குமேல் நிற்காது. ஆனால் வரி ஏய்க்கும் கருத்துடன் செய்யும் விற்பனை செல்லாது என்று கூறும் 81ஆவது பிரிவு, தக்க விலை கொடுத்து, நல்லெண்ணத்துடன், வரி நடவடிக்கையோ பாக்கியோ இருப்பதை அறியாமல் வாங்கியவருக்கு விலக்குத் தருகிறது. நீதிமன்ற ஜப்தியில் பயன்படாத "எனக்குத் தெரியாது" இங்கே பயன்படும். அதை மெய்ப்பிக்க, தேடிப் பார்த்ததற்கான தாள்களும் வங்கி வழியாகப் பணம் சென்றதற்கான கணக்கும் வேண்டும். சந்தை விலையில் பாதிக்கு வாங்கியவரை யார் நம்புவார்?

வில்லங்கச் சான்று போதாதா என்று கேட்பீர்கள். பதிவு அலுவலகத்தின் புத்தகத்தில் ஏறியதை மட்டுமே அது காட்டும். நீதிமன்றத்திலிருந்து ஆணை அங்கு வந்து சேர்ந்து ஏறினால்தான் சான்றில் தெரியும். இடையில் நாட்கள் கழியலாம். 2022இல் தமிழ்நாட்டில் பதிவுச் சட்டத்தைத் திருத்தி, ஜப்தியான சொத்தின் பத்திரத்தைச் சார்பதிவாளர் பதிய மறுக்க வேண்டும் என்று வகை செய்தனர். நல்ல ஏற்பாடே. எனினும் அவருக்குத் தெரிந்தால்தானே மறுப்பார்! ஆகவே ஒப்பந்தத்தின்போது எடுத்த வில்லங்கச் சான்றைக் கிரயத்தன்று காலையிலும் மறுபடி எடுக்க வேண்டும். விற்பவர் பெயரில் வழக்கு உள்ளதா என்று நீதிமன்ற இணையதளத்தில் தேட வேண்டும். ஊராட்சி அலுவலகப் பலகையையும், மனையின் சுவரையும் நேரில் சென்று பார்க்க வேண்டும். கிழிந்த தாளின் பசைத்தடம் ஒன்று சுவரில் இருந்தாலும் அது என்னவென்று அக்கம்பக்கத்தில் கேட்பதில் குற்றமில்லை.

பழைய ஜப்தி ஒன்று சான்றில் தெரிந்தால், "கடனை அப்போதே தீர்த்துவிட்டேன், இதோ ரசீது" என்று விற்பவர் நீட்டுவார். அந்த ரசீது மட்டும் போதாது. தீர்ப்புக் கடனை நீதிமன்றத்தின் வழியாகச் செலுத்தியிருக்க வேண்டும், அல்லது வெளியே செலுத்தியதை நீதிமன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அவ்வாறு பதியாத பணத்தை ஏலம் நடத்தும் நீதிமன்றம் கணக்கில் கொள்ளாது. ஜப்தியை நீக்கிய ஆணையின் சான்றிட்ட நகலையே கேட்டு வாங்க வேண்டும். அது சார்பதிவாளர் அலுவலகத்தில் ஏறி, புதிய வில்லங்கச் சான்றில் வந்த பிறகே முன்பணம் தர வேண்டும்.

என் மாணவர் மறுவாரம் பூந்தமல்லிக்குச் சென்று அந்தத் தாளில் கண்ட வழக்கு எண்ணைத் தேடினார். வழக்கு இன்னும் விசாரணையில் இருந்தது. தீர்ப்புக்கு முந்திய ஜப்தி அது. விற்பவர் ஜாமீன் கட்டி அதை நீக்கிக் கொண்டு வரட்டும், பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.