இருபது கட்டங்களில் ஒரு நாடகம்

என் அண்ணன் மகள் இங்கிலாந்தில் படிக்கிறாள். நம் ஊர் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு போல அங்கே ஜிசிஎஸ்இ என்று ஒரு தேர்வு. அதன் ஆங்கில இலக்கியத்தில் ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்று கட்டாயம் உண்டு. அவள் பள்ளியில் 'மேக்பெத்' பாடமாக இருந்தது. தேர்வறைக்குள் புத்தகத்தைக் கொண்டுபோக முடியாது. கேள்வித்தாளில் நாடகத்தின் ஒரு சிறு பகுதியை அச்சிட்டுக் கொடுத்தாலும், மற்ற காட்சிகளில் யார் என்ன சொன்னார்கள் என்பது நினைவிலிருந்துதான் வர வேண்டும்.

அவள் ஒரு பெரிய அட்டையில் கட்டம் போட்டிருந்தாள். இடது ஓரத்தில் கதாபாத்திரங்கள், மேலே நாடகத்தின் கருப்பொருள்கள். ஆறு வண்ணப் பேனாக்கள், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளின் உழைப்பு. ஒவ்வொரு கட்டத்திலும் நான்கைந்து வரி நீள மேற்கோள்களைப் புத்தகத்தைப் பார்த்து அழகாக எழுதி, படுக்கைக்கு எதிரே மாட்டியிருந்தாள். மாதிரித் தேர்வு முடிந்த அன்று காணொளியில் கூப்பிட்டாள்.

"அத்தை, அட்டையில எந்த மூலையில எந்தக் கலர்ல எழுதினேன்னுகூட ஞாபகம் இருக்கு. என்ன எழுதினேன்னுதான் வரல."

அவள் அழுதிருந்தாள் என்பது தெரிந்தது. நினைவாற்றலைப் பற்றிய ஆய்வுகளை நான் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறவள். அதனால் அவளுடைய கட்டத்தில் எது சரி, எது தவறு என்று இருவரும் சேர்ந்து பார்க்க உட்கார்ந்தோம்.

கட்டம் போட்டது சரிதான். 1969இல் கார்டன் பவர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் மாணவர்களுக்கு 112 சொற்களைக் காட்டினார்கள். ஒரு குழுவுக்குச் சொற்கள் இனம் பிரித்துக் காட்டப்பட்டன. கனிமங்கள் என்று ஒரு தலைப்பு. அதன்கீழ் உலோகங்கள், கற்கள். உலோகங்களின்கீழ் தங்கம், வெள்ளி முதலியவை. இன்னொரு குழுவுக்கு அதே 112 சொற்களே, ஆனால் கலைத்துப் போட்டுக் காட்டப்பட்டன. முதல் முறையிலேயே இனம் பிரித்துப் பார்த்தவர்கள் சராசரியாக 73 சொற்களைச் சொன்னார்கள். மற்றவர்களால் சுமார் 21 சொற்களே முடிந்தது. சொற்களும் அவற்றைப் பார்க்கக் கிடைத்த நேரமும் இரு குழுவுக்கும் ஒன்றுதான். 'உலோகம்' என்ற தலைப்பு நினைவுக்கு வந்ததும் அது தங்கத்தையும் வெள்ளியையும் கையைப் பிடித்து இழுத்து வருகிறது. நினைவைத் தூண்டும் இப்படிப்பட்ட சங்கதியைக் குறிப்பான் என்று சொல்லலாம்.

நாடகக் கட்டத்தில் ஒவ்வொரு மேற்கோளுக்கும் இரண்டு குறிப்பான்கள் கிடைக்கின்றன: பேசுகிற ஆள், பேசப்படுகிற பொருள். ஆள் பக்கமிருந்து தேடினாலும் கிடைக்கும், பொருள் பக்கமிருந்து தேடினாலும் கிடைக்கும்.

அப்படியானால் அவளுக்கு ஏன் வரவில்லை? அவள் அட்டையைப் பார்த்தாள், படித்தாள், திரும்பப் படித்தாள். அட்டையை மூடிவிட்டு ஒருமுறைகூட எழுதிப் பார்க்கவில்லை. 2006இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி என்ற இருவர் இதைத்தான் சோதித்தார்கள். சூரியனைப் பற்றி ஒரு பத்தி, கடல் நீர்நாயைப் பற்றி ஒரு பத்தி. மாணவர்கள் ஒரு பத்தியை இரண்டு தடவை படித்தார்கள். இன்னொன்றை ஒரு தடவை படித்துவிட்டு, வெறும் தாளில் நினைவுக்கு வந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் இரண்டு தடவை படித்ததுதான் அதிகம் நினைவிருந்தது: நூற்றுக்கு 81, எழுதிப் பார்த்ததில் 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது. திரும்பப் படித்ததில் 42தான் மிஞ்சியது, எழுதிப் பார்த்ததில் 56.

அந்த ஐந்து நிமிடக் கணக்குதான் நம்மை ஏமாற்றுகிறது. படித்து முடித்த உடனே எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். கண்ணுக்குப் பழகிப்போனதை மூளைக்குத் தெரிந்ததாக நினைத்துக்கொள்கிறோம். அவள் அறையின் அட்டை இரண்டு மாதம் செய்த வேலை அதுதான்.

எனவே புதிய கட்டம் போட்டோம். ஐந்து வரிசை: மேக்பெத், அவன் மனைவி லேடி மேக்பெத், நண்பன் பாங்கோ, எதிரியாக மாறும் மக்டஃப், மூன்று சூனியக்காரிகள். நான்கு பத்தி: பேராசை, குற்றவுணர்வு, தூக்கம், விதி. மொத்தம் இருபது கட்டம். ஒரு கட்டத்துக்குள் நீள மேற்கோள் கூடாது என்று முடிவு செய்தோம். எந்த அங்கம், எந்தக் காட்சி, யார் யாரிடம் சொன்னது, அந்தப் பேச்சில் மிக முக்கியமான மூன்று முதல் ஐந்து சொற்கள், அந்தச் சொற்கள் ஏன் முக்கியம் என்று அரை வரி. அவ்வளவுதான். ஒரே மூச்சில் மனத்தில் பிடித்துக்கொள்ள முடிகிற அளவு சிறியது கடைசிவரை நிற்கும். ஐந்து வரியை ஒன்றாகப் பிடிக்கப் பார்த்தால் நடுவில் ஒரு சொல் நழுவியதுமே மிச்சமும் நழுவிவிடுகிறது.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஸ்காட்லாந்து படைத்தலைவன் மேக்பெத். அவன் அரசனாவான் என்று சூனியக்காரிகள் சொல்கிறார்கள். மனைவி தூண்ட, தன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த அரசன் டங்கனைத் தூக்கத்தில் கொல்கிறான். அதை மறைக்க மேலும் மேலும் கொலைகள். கடைசியில் மக்டஃப் அவனைக் கொல்கிறான்.

குற்றவுணர்வுப் பத்தியை முதலில் எடுத்தோம். இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சி. கொலை இப்போதுதான் முடிந்திருக்கிறது. மேக்பெத் தன் கையிலுள்ள ரத்தத்தைப் பார்த்து, ஒரு பெருங்கடலே வந்தாலும் இதைக் கழுவ முடியாது என்று நடுங்குகிறான். அதே காட்சியில் மனைவி, கொஞ்சம் தண்ணீர் போதும், கழுவினால் போய்விடும் என்கிறாள். அவன் கண்ணுக்குக் கடல் போதவில்லை, அவளுக்கு ஒரு செம்பு தண்ணீர் போதும். இந்த இரண்டையும் மேலும் கீழுமாக அடுத்தடுத்த கட்டத்தில் எழுதினாள்.

இப்போது ஐந்தாம் அங்கம், முதல் காட்சி. லேடி மேக்பெத் தூக்கத்தில் நடக்கிறாள். இல்லாத ரத்தக்கறையைக் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள். கால் மணி நேரம்கூட இப்படிச் செய்வாள் என்று பணிப்பெண் மருத்துவரிடம் சொல்கிறாள். அரேபியாவின் வாசனைத் திரவியம் அத்தனையும் சேர்ந்தாலும் இந்தச் சின்னக் கையின் நாற்றம் போகாது என்பது அப்போது அவள் பேச்சின் பொருள். முன்பு தண்ணீரைச் சொன்னபோதும் இப்போது கையைச் சொல்லும்போதும் ஷேக்ஸ்பியர் போட்டிருக்கும் சொல் 'லிட்டில்'. அன்றைக்குக் கொஞ்சம் தண்ணீர், இன்றைக்குச் சின்னஞ்சிறு கை. அந்த ஒரு சொல்லை வட்டமிட்டோம். அது ஒன்று நினைவுக்கு வந்தால் இரண்டு காட்சிகளும் சேர்ந்தே வந்துவிடும்.

மேக்பெத்தின் கட்டத்துக்குத் திரும்பினோம். மூன்றாம் அங்கம், நான்காம் காட்சியில், ரத்தத்தில் இவ்வளவு தூரம் நடந்து வந்தாயிற்று, திரும்பிப் போவதும் முன்னே போவதும் ஒரே பாடுதான் என்கிறான். ஐந்தாம் அங்கத்தில் பயத்தின் சுவையே கிட்டத்தட்ட மறந்துவிட்டதாகச் சொல்கிறான்.

கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிமிர்ந்தாள்.

"அத்தை, இவன் நடுங்கிக்கிட்டே ஆரம்பிச்சு கல்லாயிடறான். அவ கல்லா ஆரம்பிச்சு நடுங்கறா. ரெண்டு பேரும் எடம் மாறிக்கறாங்க!"

நாடகத்தை வரிசையாகப் படிக்கும்போது இது சட்டென்று தெரிவதில்லை. நடுவே ஆவி வருகிறது, விருந்து கலைகிறது, படை திரள்கிறது. கட்டத்தில் அந்தத் தொலைவு ஒரு விரற்கடையாகச் சுருங்கியது. இந்த இடமாற்றம் புரிந்த பிறகு ஐந்து மேற்கோள்களும் அவளுக்கு ஒரே செய்தியின் ஐந்து துண்டுகளாகிவிட்டன.

தூக்கப் பத்தியிலும் ஒரு வியப்பு இருந்தது. கொலைகாரர்கள் இருவருக்கும் அதில் நிறைய உண்டு என்பது அவளுக்குத் தெரியும். பாங்கோவின் கட்டம் காலி என்றாள். இரண்டாம் அங்கம், முதல் காட்சியை எடுக்கச் சொன்னேன். அங்கே பாங்கோ உடம்பெல்லாம் அசதியாக இருந்தும் தூங்கப் பயப்படுகிறான். ஓய்வில் கெட்ட எண்ணங்கள் வருகின்றன, அவற்றை அடக்குங்கள் என்று வேண்டிக்கொள்கிறான். சூனியக்காரிகளின் சொல் அவனையும் தொட்டிருக்கிறது. மேக்பெத்துக்கு வந்த ஆசை அவனுக்கும் வந்திருக்கலாம். அவன் அதை எதிர்த்து நிற்கிறான்.

பிறகுதான் உண்மையான வேலை. மறுநாள் வெறும் தாளில் தலைப்புகளை மட்டும் எழுதி, புத்தகத்தைத் தொடாமல் பத்து நிமிடம் கட்டங்களை நிரப்பினாள். பதினொன்று நிரம்பியது. அடுத்து புத்தகத்தைத் திறந்து சிவப்புப் பேனாவால் திருத்த வேண்டும். இதை விட்டுவிடக் கூடாது. தப்பாக எழுதியதைத் திருத்தாமல் விட்டால் தப்பே அழுத்தமாகப் பதியும். அவள் கடலைப் பற்றிய பேச்சை மனைவியின் கட்டத்தில் எழுதியிருந்தாள், அதுவும் கொஞ்சமும் சந்தேகமில்லாமல். சிவப்புப் பேனா இல்லாவிட்டால் அப்படியே தேர்வுக்குப் போயிருப்பாள்.

இரண்டு நாள் விட்டு அடுத்த முறை, பிறகு ஒரு வாரம் விட்டு இன்னொரு முறை. இடையில் கொஞ்சம் மறந்தால் நல்லதுதான். சற்றுச் சிரமப்பட்டு மீட்டெடுத்தது அதிக நாள் நிற்கும். இரண்டாம் முறை பதினான்கு, மூன்றாம் முறை பதினேழு. நான்காம் முறை ஆட்டத்தை மாற்றினோம். அவள் எப்போதும் இடமிருந்து வலமாகவே நிரப்பி வந்ததால், முதல் கட்டம் நினைவுக்கு வந்தால்தான் அடுத்தது வரும் என்ற பழக்கம் ஒட்டிக்கொண்டது. தேர்வில் யாரும் அந்த வரிசையில் கேட்பதில்லை. ஆகவே சீட்டுக் குலுக்கி, மூன்று நான்கு சொற்களை மட்டும் நான் சொல்வேன். அது எந்தக் கட்டம், எந்தக் காட்சி, யார் யாரிடம் சொன்னது என்று அவள் சொல்ல வேண்டும். முதல் நாள் மிகவும் தடுமாறினாள்.

உங்கள் பாடத்தில் ஒரு நாடகம் இருந்தால் நீங்களும் சோதித்துப் பார்க்கலாம். ஒரு காட்சியை இரண்டு தடவை படியுங்கள். அதே நீளமுள்ள இன்னொரு காட்சியை ஒரு தடவை படித்துவிட்டு வெறும் தாளில் எழுதிப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே அளவு நேரம் கொடுங்கள். ஒரு வாரம் கழித்து இரண்டையும் எழுதி எண்ணிப் பாருங்கள். அதுவரை இரண்டு காட்சிகளையும் திறக்கவே கூடாது, அதுதான் கஷ்டம்.

தேர்வுக்கு முந்தின வாரம் அவள் நிரப்பிய தாளைப் படம் எடுத்து அனுப்பினாள். மக்டஃபின் குற்றவுணர்வுக் கட்டத்தில் நான் எதிர்பார்க்காத ஒன்று இருந்தது. நான்காம் அங்கம், மூன்றாம் காட்சியில், தன் மனைவியும் பிள்ளைகளும் கொல்லப்பட்டதைக் கேட்டதும், தன்னால்தான் அவர்கள் செத்தார்கள் என்று மக்டஃப் தன்னையே நொந்துகொள்கிறான். கொலை செய்யாதவனுக்கும் குற்றவுணர்வு வருகிறது. அதை அவளே கண்டுபிடித்திருந்தாள்.

இருபதில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. சூனியக்காரிகளின் வரிசையில், குற்றவுணர்வு.

"இது மறந்துபோச்சா, கண்ணு?" என்று கேட்டேன்.

"இல்ல அத்தை. புத்தகம் முழுக்கத் தேடிட்டேன். அவங்களுக்கு அது இல்லவே இல்ல" என்றாள்.