ஹிஸ்டோகிராமில் தெரியும் சீப்புப் பற்கள்

பனிமூட்டத்தில் எடுத்த படத்தைக் கணினியில் திறந்தால் எல்லாமே சாம்பல் பூத்தாற்போல இருக்கும். போட்டோஷாப்பில் லெவல்ஸ் பெட்டியைத் திறந்து, இடது முக்கோணத்தையும் வலது முக்கோணத்தையும் கொஞ்சம் உள்ளே தள்ளினால் போதும், படம் பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் அப்படித் தள்ளியதற்கான தடயம் படத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது. படத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பெரும்பாலும் அது கண்ணில் படாது. ஹிஸ்டோகிராமைப் பார்த்தால் தெரியும்.

சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்தின் வெளிச்சமும் 0 முதல் 255 வரை ஏதாவது ஒரு முழு எண்ணாகப் பதிவாகிறது. 0 என்றால் கறுப்பு, 255 என்றால் முழு வெளிச்சம். எந்த எண்ணில் எத்தனை பிக்சல்கள் இருக்கின்றன என்று எண்ணி, வரிசையாகக் கோடுகளாக நிறுத்தினால் அதுதான் ஹிஸ்டோகிராம். கேமராவிலிருந்து நேரே வந்த படத்தில் பக்கத்துப் பக்கத்து எண்களின் உயரம் பெரிதாக மாறாது. கோடுகள் ஒட்டி நின்று, ஒரு மலைச்சரிவுபோல ஏறி இறங்கும்.

நம் பனிமூட்டப் படத்தில் எல்லாப் பிக்சல்களும் 40-க்கும் 200-க்கும் இடையில் கிடப்பதாக வைத்துக்கொள்வோம். லெவல்ஸில் 40-ஐக் கறுப்பாகவும் 200-ஐ வெள்ளையாகவும் ஆக்கச் சொல்கிறோம். மென்பொருள் ஒவ்வொரு எண்ணிலும் 40-ஐக் கழித்து, 255-ஆல் பெருக்கி, 160-ஆல் வகுக்கிறது. 40 என்பது 0 ஆகிறது. 41-க்கு 1.59 வருகிறது. பின்னம் வைக்க இடமில்லாததால் அதை 2 என்று முழுமையாக்குகிறது. 42 என்பது 3 ஆகிறது, 43 என்பது 5, 44 என்பது 6, 45 என்பது 8. இப்போது 1, 4, 7 ஆகிய எண்களுக்கு வந்து சேர ஒரு பிக்சல்கூட இல்லை. 161 படிகளை 256 இடங்களில் பரப்பியதால் 95 இடங்கள் காலியாகின்றன. அந்தக் காலியிடங்கள் ஓர் ஒழுங்கோடு திரும்பத் திரும்ப வருவதால் ஹிஸ்டோகிராம் சீப்பைப்போல ஆகிவிடுகிறது. வெளிச்சத்தின் இயல்பான பரவலில் இப்படிப்பட்ட ஒழுங்கு வராது. கணக்குப் போட்டு முழுமையாக்கினால்தான் வரும்.

கர்வ்ஸ் கருவியில் சங்கதி இன்னும் சுவாரசியமானது. வளைவு செங்குத்தாக ஏறும் பகுதியில் படிகள் விரிந்து இடைவெளி விழும். படுத்துக் கிடக்கும் பகுதியில் படிகள் நெருக்கப்பட்டு, இரண்டு எண்களின் பிக்சல்கள் ஒரே எண்ணில் வந்து குவியும். அங்கே அக்கம்பக்கத்தைவிட உயரமான முட்கள் எழும். நிழல்களை வெளிச்சமாக்கிய படத்தில் இடதுபக்கம் ஓட்டைகளும் வலதுபக்கம் முட்களும் தெரிந்தால், வளைவு எப்படி வளைக்கப்பட்டது என்பதையே ஓரளவு ஊகித்துவிடலாம். மேத்யூ ஸ்டாம், ரே லியு என்ற ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்தத் திடீர் ஏற்ற இறக்கங்களைக் கணிதமுறையில் அளந்து, கான்ட்ராஸ்ட் கூட்டப்பட்ட படங்களைக் கண்டுபிடிக்கும் வழியைக் காட்டியது.

பார்க்கும்போது சிவப்பு, பச்சை, நீலச் சானல்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மூன்றையும் கலந்து கணக்கிடும் ஒளிர்வு ஹிஸ்டோகிராமில் ஒரு சானலின் ஓட்டையை இன்னொன்று நிரப்பிவிடலாம். போட்டோஷாப்பில் ஹிஸ்டோகிராமின் மூலையில் எச்சரிக்கை முக்கோணம் தெரிந்தால், அது முழுப்படத்தையும் எண்ணாமல் சேமித்து வைத்த சிறு நகலிலிருந்து போட்ட வரைபடம். அதைச் சொடுக்கிப் புதுப்பித்த பிறகே எதையும் முடிவு செய்யலாம்.

சீப்பு இல்லாததை வைத்து, படத்தில் யாரும் கை வைக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. ரா கோப்பில் 12 அல்லது 14 பிட் அளவில் ஆயிரக்கணக்கான படிகள் இருக்கின்றன. அந்த நிலையில் அளவோடு இழுத்தால், கடைசியில் 256 படிகளாகச் சுருக்கும்போது பொதுவாக ஓட்டை விழாது. கேமரா தனக்குள் கூட்டும் கான்ட்ராஸ்டும் அதனால்தான் பொதுவாகத் தடயம் விடுவதில்லை. 8 பிட் படத்தையே இழுத்திருந்தாலும், பிறகு அளவைக் குறைத்தாலோ, இரைச்சல் தூவினாலோ, ஜேபெக்காக அழுத்திச் சேமித்தாலோ காலியிடங்களில் பிக்சல்கள் வந்து விழுந்து பற்கள் மழுங்கிவிடும். கைக்குக் கை மாறி வந்த படத்தில் சீப்பைத் தேடுவது பல நேரம் வீண். முதல் கோப்பு கிடைத்தால்தான் பலன்.

சீப்பு தெரிந்தாலும் உடனே மோசடி என்று முத்திரை குத்துவது நியாயமல்ல. வெளிச்சத்தைச் சரிசெய்வதைப் பத்திரிகைப் புகைப்படக்காரர்களும் செய்கிறார்கள். படத்தில் இருக்கும் ஆளையோ பொருளையோ பற்றி அந்த ஓட்டைகள் எதுவும் சொல்வதில்லை. என்னைப் பொறுத்தவரை இந்தத் தடயத்தின் உண்மையான வலிமை வேறோர் இடத்தில் இருக்கிறது. கூட்டத்தில் நிற்கும் ஒருவரின் உருவத்தை மட்டும் தேர்ந்தெடுத்து அந்தப் பகுதிக்கு ஹிஸ்டோகிராம் போட்டால் சீப்பு வருகிறது, சுற்றியுள்ளவர்களுக்குப் போட்டால் கோடுகள் ஒட்டி நிற்கின்றன என்றால், அந்த ஒருவருக்கு மட்டும் வெளிச்சம் தனியாகத் திருத்தப்பட்டிருக்கிறது. வேறு படத்திலிருந்து வெட்டி ஒட்டும்போது பின்னணியோடு பொருந்த இப்படித்தான் திருத்துவார்கள். தேர்ந்தெடுக்கும் பகுதி மட்டும் போதுமான அளவு பெரிதாக இருக்க வேண்டும். சில நூறு பிக்சல்களே உள்ள துண்டில் எண்கள் தற்செயலாகவே காலியாகக் கிடக்கும், அந்த ஓட்டைகளில் ஒழுங்கும் இருக்காது.