ஜெர்சி மட்டும் மாறட்டும்

2025 செப்டம்பரில் ஆசியக் கோப்பையில் இறங்கிய இந்திய அணியின் நெஞ்சில் நாட்டின் பெயர் மட்டும்தான் இருந்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்குத் தடை வந்ததால் ட்ரீம்11 விலகியிருந்தது. அந்த இடத்துக்கு அப்போலோ டயர்ஸ் வரப்போவதாக அறிவிப்பு வந்தபோது போட்டித் தொடர் பாதி நடந்துகொண்டிருந்தது. கிரிக்கெட் வாரியத்துக்கு இதில் சிரமம் ஒன்றுமில்லை. புது ஜெர்சி தைத்து, வீரர்களை வரிசையாக நிறுத்தி இன்னொரு படம் எடுத்துவிடலாம்.

மாவட்ட லீகில் ஆடும் ஒரு கிளப்புக்கு அது அவ்வளவு எளிதல்ல. சீசன் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு காலையில் எல்லாரையும் மைதானத்தில் உட்காரவைத்து எடுத்த படம்தான் அவர்களுக்கு எல்லாவற்றுக்கும். பிறகு விக்கெட் கீப்பர் துபாய்க்கு வேலைக்குப் போயிருப்பார், இரண்டு பேர் கல்லூரி விடுதியில் இருப்பார்கள். நகைக்கடை போய் டைல்ஸ் கடை ஸ்பான்சராக வந்ததும், "ஜெர்சிய மட்டும் மாத்திக் குடுங்கண்ணே, மூஞ்சியில கை வைக்காதீங்க" என்று கிளப் செயலாளர் ஸ்டுடியோவில் வந்து நிற்பார். பிளக்ஸ் அடிக்க மறுநாள்தான் கெடு.

மஞ்சள் ஜெர்சியைக் கருநீலமாக்கும் வேலையை எடுத்துக்கொள்வோம். பதினைந்து பேர், பின்வரிசையில் ஒன்பது பேர் கைகட்டி நிற்கிறார்கள், முன்வரிசையில் ஆறு பேர் நாற்காலியில் இருக்கிறார்கள். போட்டோஷாப்பில் Hue/Saturation திறந்து மஞ்சளை மட்டும் நீலத்துக்குத் திருப்பினால் முடிந்தது என்றுதான் புதியவர்கள் நினைப்பார்கள். திருப்பிய மறுநொடியே கன்னங்களில் சாம்பலும் ஊதாவுமாகத் திட்டுகள் கிளம்பும். 360 பாகைகள் கொண்ட நிறச் சக்கரத்தில் மனிதத் தோல், கறுப்போ சிவப்போ, பெரும்பாலும் 15 முதல் 35 பாகைக்குள் அடங்கிவிடும். மஞ்சள் 50-ஐ ஒட்டி நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள். நிறத்தைச் சொல்லி ஒன்றைப் பிடித்தால் இன்னொன்றும் கூடவே வந்துவிடும். நீல ஜெர்சியாக இருந்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அங்கே வானமும் பிளாஸ்டிக் நாற்காலியும்தான் சிக்கும்.

ஆகவே நிறத்தை நம்பாமல் உருவத்தை வெட்டுவதுதான் வழி. பென் டூலால் ஒவ்வொரு ஜெர்சியின் ஓரத்தையும் சுற்றி வந்து, பதினைந்துக்கும் ஒரே மாஸ்க் போடுவார்கள். நேரத்தை விழுங்குவது காலர்தான். காலரில் தாடி உரசும் இடத்தில் கத்தியால் வெட்டியதுபோல் கோடு விழுந்தால், தலையைத் தனியாக ஒட்டவைத்த மாதிரி தெரியும். மாஸ்க்கின் ஓரத்தை ஒன்றிரண்டு பிக்சல் மட்டும் இளக வைக்க வேண்டும். கூடிப்போனால் பழைய மஞ்சள் ஒரு நூல் போலக் கழுத்தைச் சுற்றி எட்டிப்பார்க்கும்.

மாஸ்க் முடிந்து, மேலே கருநீல லேயரை வைத்து அதன் கலப்பு முறையை Color என்று மாற்றினால் வருவது கருநீலம் அல்ல, பள்ளிச் சீருடை வெளிர்நீலம். அந்த முறை நிறத்தை மட்டும்தான் மாற்றும். வெளிச்ச அளவு பழைய மஞ்சளுடையதாகவே இருக்கும், மஞ்சளோ இயல்பிலேயே வெளிச்சமானது. Curves வைத்து அந்தப் பகுதியை நன்றாக இருட்டாக்கினால்தான் துணி கருநீலமாகும். இந்தத் திசை பரவாயில்லை. கருநீலத்தை மஞ்சளாக்கச் சொன்னால்தான் டிசைனர் பெருமூச்சு விடுவார். இருட்டுத் துணியை வெளிச்சமாக்கும்போது நிழலில் ஒளிந்திருந்த புள்ளிகளெல்லாம் மேலே வரும். வாட்ஸ்அப்பில் வந்து சுருங்கிய படமாக இருந்தால் கட்டம் கட்டமாகவே தெரியும். வெள்ளை ஜெர்சி வேறு ரகம். அதில் திருப்புவதற்கு நிறமே கிடையாது. புது நிறத்தை Multiply முறையில் மேலே படியவிட வேண்டும்.

மஞ்சளில் இன்னொரு சிக்கல் உண்டு. வெயிலில் எடுத்த படத்தில் சிவப்புச் சேனல் முதலில் நிரம்பி வழிந்துவிடும், தோள்பட்டையில் மடிப்பே இல்லாததுபோல் தோன்றும். தேர்ந்த கைகள் பச்சைச் சேனலைத் தனியாகத் திறந்து பார்க்கும்; மடிப்புகள் அநேகமாக அங்கே பத்திரமாக இருக்கும். அதையே கறுப்பு வெள்ளை நகலாக எடுத்து நீலத்துக்கு அடியில் நிழலாகப் பயன்படுத்துவார்கள்.

அந்த நகல் ஸ்பான்சர் வேலைக்கும் உதவும். நகைக்கடைப் பெயரைக் குளோன் ஸ்டாம்ப் கொண்டு, பக்கத்துத் துணியின் மடிப்பு போகும் திசையிலேயே அழித்த பிறகு, டைல்ஸ் கடைப் பெயரை அப்படியே ஒட்டினால் ஸ்டிக்கர்போல மிதக்கும். நகலைக் கொஞ்சம் மங்கலாக்கி, தனிப் பி.எஸ்.டி. கோப்பாகச் சேமித்து, Displace வடிகட்டிக்குக் கொடுத்தால் எழுத்து துணியோடு வளையும். நடுச் சாம்பல் உள்ள இடத்தில் எழுத்து நகராது. வெளுத்த இடத்தில் ஒரு பக்கமும் கறுத்த இடத்தில் எதிர்ப்பக்கமும் தள்ளிப்போகும். சிறிய படமென்றால் அளவு 5 முதல் 8 வரை போதும். அதைத் தாண்டினால் எழுத்து நீரில் நனைந்ததுபோல் நெளியும். பெயருக்கு முப்பரிமாணப் பளபளப்பு கொடுக்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ள வேண்டும். இன்று பெரும்பாலான கிளப் ஜெர்சிகள் பாலியஸ்டர் துணியில் சப்ளிமேஷன் முறையில் அச்சாகின்றன. சாயம் நூலுக்குள்ளேயே இறங்கிவிடுவதால் எழுத்துக்குத் தடிப்பே கிடையாது.

பதினைந்து பேருக்கும் முழுப் பெயரும் தெரிய வேண்டும் என்று ஸ்பான்சர் கேட்பார். கைகட்டி நிற்பவரின் முழங்கைக்கு மேல் எழுத்து ஏறினால் படமே பொய்யாகிவிடும். பின்வரிசையில் பாதி எழுத்து கைக்குள் மறையத்தான் வேண்டும். முன்வரிசையில் வயிற்று மடிப்பு ஓரிரு எழுத்தை விழுங்கத்தான் செய்யும்.

இனி முகம். மாஸ்க் சரியாக இருந்தால் முகத்தின் ஒரு பிக்சல்கூட மாறியிருக்காது, சிக்கலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. வெயிலில் மஞ்சள் துணியில் பட்ட ஒளி தெறித்துத் தாடைக்கு அடியில் லேசான மஞ்சளாகப் படிந்திருக்கும். ஜெர்சி நீலமான பிறகும் அது அங்கேயே இருக்கும். முகத்தைத் தொடக்கூடாது என்று சொன்னவரே, "என்னமோ ஒட்டலையேண்ணே" என்பது இதனால்தான். கழுத்தையும் தாடையின் அடிப்பகுதியையும் தனி லேயரில், மஞ்சளின் அடர்த்தியை மட்டும் குறைத்து ஆற்றலாம். கண், மூக்கு, வாய் இருக்கும் பகுதிக்கு அது ஏறக்கூடாது. செயலாளரிடம் சொல்லிவிட்டுச் செய்வதுதான் முறை.

கட்டளை எழுதிக் கொடுத்தால் நொடியில் ஜெர்சி மாற்றித் தரும் செயலிகளும் வந்துவிட்டன. அவற்றில் பல, படம் முழுவதையும் புதிதாக வரைந்து தருபவை. ஒருவர் மட்டும் நிற்கும் படத்தில் தப்பித்துவிடலாம். குழுப் படத்தில் ஒரு முகத்துக்கு நூறு பிக்சல்கூடக் கிடைக்காதபோது பின்வரிசைக்காரருக்குப் புது மூக்கு வந்துவிடும். மீசை சமமாகும், தழும்பு மறையும். வெளியார் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, அவருடைய அம்மா பார்த்தால் தெரிந்துவிடும். அப்படி வந்த படத்திலிருந்து துணியை மட்டும் எடுத்துக்கொண்டு, தலைகளைப் பழைய படத்திலிருந்தே வைப்பதுதான் பாதுகாப்பு.

சரிபார்ப்பதற்குக் கண்ணை நம்ப வேண்டியதில்லை. பழைய படத்தைப் புதியதன் மேல் அச்சுப் பிசகாமல் வைத்து Difference முறைக்கு மாற்றினால், மாறாத இடமெல்லாம் கறுப்பாகிவிடும். மேலே ஒரு Levels லேயர் போட்டு வெளிச்சத்தைத் தூக்கினால் நுண்ணிய மாற்றமும் மின்னும். ஜெர்சிகள் பளிச்சென்று எரிய, முகங்கள் பதினைந்தும் கரியாக இருக்க வேண்டும். ஏதாவது ஒரு காதோரத்தில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் மாஸ்க் அங்கே கசிந்திருக்கிறது. இந்தச் சோதனையை ஜேபெக்காகச் சேமிக்கும் முன்பே செய்துவிட வேண்டும். சேமித்த பிறகு செய்தால், சுருக்கத்தில் வரும் சிறு வேறுபாடுகள் எல்லா முகத்திலும் பொடிப்பொடியாக மின்னி, இல்லாத தப்பைத் தேட வைக்கும்.