எல்லை தாண்டும் பயிற்சிச் சான்றிதழ்

பாறசாலை பக்கத்து வீடுகளில் பிள்ளைகளின் சான்றிதழ்க் கோப்பைத் திறந்தால், பொன்னிற ஓரம் போட்ட கெட்டித் தாள் ஒன்று இப்போதெல்லாம் தவறாமல் இருக்கிறது. 'இவர் எங்கள் நிறுவனத்தில் ஒரு மாத இன்டர்ன்ஷிப்பை வெற்றிகரமாக முடித்தார். எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்.' அதன் கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்தும் ஒரு முத்திரையும். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, எத்தனை மணி நேரம், என்ன வேலை, பக்கத்தில் நின்று பார்த்தவர் யார் என்று கேட்டால் அந்தத் தாளிடம் பதில் இல்லை.

எல்லையோரப் பிள்ளைகளை இது கூடுதலாகப் பாதிக்கிறது. பாறசாலையில் வீடு, குமரி மாவட்டத்தில் கல்லூரி, நெய்யாற்றின்கரையில் பயிற்சி என்பது இங்கே சாதாரணம். சான்றிதழ் கொடுக்கும் அலுவலகத்தைக் கல்லூரிக்குத் தெரியாது. கல்லூரியின் விதி அலுவலகத்துக்குத் தெரியாது. இருவருக்கும் நடுவே பேசப்போவது அந்த ஒற்றைத் தாள்தான்.

ஒரு சான்றிதழை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்குக் கேரள பி.எஸ்.சி.யின் அனுபவச் சான்றிதழ்ப் படிவம் நல்ல பாடம். நிறுவனத்தின் பெயரோடு அதன் பதிவு எண்ணையும், பதிவு கொடுத்த அதிகாரி யார் என்பதையும் அது கேட்கிறது. பார்த்தது நிரந்தர வேலையா, தற்காலிக வேலையா, சம்பளம் பெற்ற பயிற்சியா, பெறாத பயிற்சியா என்று பிரித்துச் சொல்லச் சொல்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நிறுவனத்தின் பதிவேடுகளைச் சோதிக்க அதிகாரம் உள்ள அரசு அதிகாரி, அந்தப் பதிவேட்டின்படி இது சரி என்று மேலொப்பம் இட வேண்டும். தாளில் எழுதியிருப்பதற்குப் பின்னால் ஒரு பதிவேடு இருக்கிறதா என்பதே அந்தப் படிவத்தின் கேள்வி. இன்டர்ன்ஷிப் சான்றிதழ் அந்த அனுபவச் சான்றிதழுக்கு ஈடாகாது. அதற்கு யாரும் மேலொப்பம் கேட்பதுமில்லை. ஆனாலும் அதே கேள்விக்கு அதனிடமும் பதில் இருக்க வேண்டும்.

ஒரு மாணவியை வைத்துப் பார்ப்போம். ஆள் கற்பனை, கணக்கு உண்மை. பாறசாலை அருகே ஒரு கிராமம். களியக்காவிளைக்குக் கிழக்கே ஒரு கல்லூரியில் பி.காம். அவள் நெய்யாற்றின்கரையில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் பயிற்சிக்குச் சேர்கிறாள். கல்லூரி கேட்பது 120 மணி நேரம். பல்கலைக்கழக மானியக் குழு இளநிலை மாணவர்களுக்காக 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் என்பது கணக்கு. அதன்படி 120 மணி என்றால் 4 கிரெடிட். தொடங்கிய நாள் 2025 ஜூன் 16, திங்கட்கிழமை. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஆறு மணி நேரம் என்று பேச்சு. நான்கு வாரம், 20 நாள், ஜூலை 11-இல் முடிந்துவிட வேண்டும்.

நடுவில் ஜூலை 9 வருகிறது. அன்று நாடு தழுவிய பொது வேலைநிறுத்தம். கேரளத்தில் பேருந்துகள் பெரும்பாலும் ஓடவில்லை, ஆபீஸ் திறக்கவில்லை. ஆக, ஜூலை 11 மாலையில் அவள் கணக்கில் இருப்பது 19 நாள், 114 மணி நேரம். ஆறு மணி நேரம் குறைகிறது.

'ஒரு மாதம்' என்று எழுதிய சான்றிதழ் இந்த ஆறு மணி நேரத்தை மூடிவிடும். எல்லைக்கு அந்தப் பக்கம் அன்று பேருந்து ஓடியது, வகுப்பும் நடந்திருக்கும். கல்லூரியில் யாராவது வருகைப் பதிவைக் கேட்டால் ஜூலை 9-ஆம் தேதிக் கட்டம் காலியாக நிற்கும். அந்த ஒரு கட்டத்தால் மற்ற 19 நாளும் சந்தேகத்துக்கு உள்ளாகும். நேர்மையான வழி எளிது. ஜூலை 14 திங்கட்கிழமை இன்னொரு நாள் போய் ஆறு மணி நேரத்தை நிறைவு செய்துவிட்டு, 'ஜூன் 16 முதல் ஜூலை 14 வரை; வருகை 20 நாள்; மொத்தம் 120 மணி நேரம்; ஜூலை 9 அலுவலகம் இயங்கவில்லை' என்று எழுதி வாங்குவது. தொடங்கிய தேதி, முடிந்த தேதி, வந்த நாள், மொத்த மணி ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். வீட்டிலிருந்து இணையவழி செய்த நாட்கள் இருந்தால் அவை தனியாகத் தெரிய வேண்டும்.

பெயரிலும் எல்லை குறுக்கே நிற்கும். தமிழ்நாட்டில் இனிஷியல் பெயருக்கு முன்னால், கேரளத்தில் பெரும்பாலும் பின்னால். ஆபீசில் அவர்கள் பழக்கப்படி எழுதிவிடுவார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எப்படியோ, அதே வரிசையில், அதே எழுத்துக்கூட்டலில் இருக்க வேண்டும். பக்கத்தில் கல்லூரிப் பதிவு எண்ணும் இருந்தால் ஆள் குழப்பமே வராது. ஆதார் எண்ணும் சாதியும் மதமும் இந்தத் தாளில் வேண்டாம்.

அடுத்தது வேலை விவரம். 'கணக்கியல் துறையில் பயிற்சி பெற்றார்' என்பதில் ஒன்றும் இல்லை. அந்த மாணவி உண்மையில் செய்தது இதுதான்: கொள்முதல் பில்களை டேலியில் ஏற்றினாள், அந்தப் பட்டியலை ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையோடு ஒப்பிட்டு, விற்றவர் காட்டாத பில்களைப் பிரித்தெடுத்தாள், இரண்டு கணக்குகளுக்கு வங்கிச் சரிக்கட்டல் தயாரித்தாள். இதை இப்படியே மூன்று வரியில் எழுதினால் போதும். படிப்பவர் நேர்முகத்தில் அதிலிருந்தே கேள்வி கேட்பார், அவளாலும் பதில் சொல்ல முடியும். தானே செய்ததையும் பக்கத்தில் இருந்து பார்த்ததையும் பிரித்து எழுதுவது முக்கியம். ரிட்டர்ன் தாக்கல் செய்வதை அவள் பார்த்தாள் என்றால் 'பார்த்தறிந்தார்' என்றே இருக்கட்டும். ஊதிப் பெருக்கிய ஒரு வரி முதல் நேர்முகத்திலேயே உடைந்துவிடும், கூடவே உண்மையான மூன்று வரியும் போய்விடும்.

ஆடிட்டர் ஆபீசுக்கு என்று இரண்டு எச்சரிக்கை உண்டு. கட்சிக்காரர்களின் பெயரும் அவர்களுடைய விற்றுவரவும் சான்றிதழிலோ பயிற்சி அறிக்கையிலோ வரக் கூடாது. 'ஒரு சில்லறை வணிக நிறுவனம்' என்று எழுதினால் போதும். இன்னொன்று, சி.ஏ. படிப்புக்கான ஆர்ட்டிகிள்ஷிப் வேறு. அது பட்டயக் கணக்காளர் நிறுவனத்தில் பதிவாக வேண்டியது. பி.காம். பயிற்சிக்கு வந்தவரை அந்தப் பெயரால் குறிப்பிட்டால் அது தவறான தகவல். அதுபோலவே 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி பதிவான ஒப்பந்தம் இல்லாதவரை 'அப்ரண்டிஸ்' என்றும் எழுதக் கூடாது.

நடத்தை பற்றிய வரிதான் பிள்ளைகளை அதிகம் பயமுறுத்துவது. அதற்கு ஓர் எல்லை உண்டு. 'பயிற்சிக் காலத்தில் நேரத்துக்கு வந்தார், ஒப்படைத்த வேலையை முடித்தார், அலுவலகத் தகவல்களை வெளியே சொல்லவில்லை' என்பது வரை மேற்பார்வையாளர் தன் கண்ணால் கண்டது. அதைத் தாண்டி ஒருவரின் குணத்தைப் பற்றித் தீர்ப்பு எழுத நான்கு வாரப் பழக்கம் போதாது. குறை இருந்தால் அதையும் தேதியோடு, நடந்ததாக எழுதலாம். 'நடத்தை திருப்தி இல்லை' என்று காரணமே சொல்லாத ஒற்றை வரியை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. எந்த நாள், என்ன நடந்தது என்று எழுத்தில் கேளுங்கள்.

அந்த வரிக்குப் பின்னால் வேறொரு கதையும் இருக்கக்கூடும். கையெழுத்திட வேண்டியவரே தவறாக நடந்துகொண்டார், அதை எதிர்த்ததால் சான்றிதழை நிறுத்திவைத்திருக்கிறார் என்றால் சட்டம் துணைக்கு வரும். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013, பயிற்சி பெறுபவரையும் பணியாளர் என்றே வைத்திருக்கிறது. சம்பளம் வாங்கினாரா இல்லையா என்பது அங்கே பொருட்டல்ல. பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை பார்க்கும் இடத்தில் உள் குழு இருக்காது, சிறிய ஆடிட்டர் ஆபீஸ் பெரும்பாலும் அந்த வகைதான். அப்போது புகார் போக வேண்டிய இடம் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு. நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். இந்தச் சட்டத்தின் விதிகளில் பலர் அறியாத ஒன்று இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் எழுதிக் கேட்டால், புகாருக்கு உள்ளானவர் அவருடைய பணியை மதிப்பிட்டு எழுதக் கூடாது, வேறோர் அலுவலர் எழுத வேண்டும் என்று குழு பரிந்துரைக்கலாம். சான்றிதழ் அவர் கையில் சிக்கியிருக்கிறது என்ற பயத்தால் வாயை மூடிக்கொள்ளும் பெண்பிள்ளைகளுக்காகவே இதைச் சொல்கிறேன். புகாரோடு சேர்த்தே இதையும் கேளுங்கள்.

இனி மேற்பார்வையாளரின் உறுதி. நிறுவனத் தலைவரின் கையெழுத்து தாளுக்கு மதிப்பைக் கூட்டும், ஆனால் வேலையைப் பார்த்தவர் அவர் அல்ல. நாள்தோறும் வேலை கொடுத்தவரின் முழுப் பெயர், பதவி, கையெழுத்து, கையெழுத்திட்ட தேதி ஆகியவை வேண்டும். கூடவே அலுவலகத்தின் தொலைபேசியும் மின்னஞ்சலும். சொந்த செல்போன் எண் மட்டும் போதாது. ஆறு மாதத்தில் அவர் வேறு இடத்துக்குப் போய்விட்டால் உறுதி சொல்ல ஆள் இருக்காது. அலுவலகக் கோப்பு எண் இருந்தால் அவர் போன பிறகும் அங்கே உள்ளவர் நகலை எடுத்துப் பார்த்துச் சொல்ல முடியும். கையெழுத்துத் தேதியைக் கவனியுங்கள். பயிற்சி ஜூலை 14-இல் முடிந்திருக்க, ஜூலை 10 என்று தேதி போட்டிருந்தால், இன்னும் நடக்காத இரண்டு பயிற்சி நாளுக்கும் சேர்த்துக் கையெழுத்திட்டதாக ஆகிவிடும். நல்ல பயிற்சி கூட இந்த ஒரு பிழையால் போலியாகத் தோன்றும்.

சான்றிதழுக்குப் பின்னால் நிற்பது நாட்குறிப்பு. ஒரு சாதாரண நோட்டில் தேதி, வந்த நேரம், போன நேரம், செய்த வேலை என்று நாளுக்கு ஒரு வரி எழுதி, வாரக் கடைசியில் மேற்பார்வையாளரிடம் சுருக்கொப்பம் வாங்குங்கள். கடைசி நாளில் மொத்தமாக ஒரே மையில் நிரப்பிய நோட்டு எந்த ஆசிரியரின் கண்ணுக்கும் தப்பாது. சேரும் நாளிலேயே, 'முடிந்ததும் இந்த விவரங்களோடு சான்றிதழ் தருவீர்களா' என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்வதும் நல்லது. முடிந்த பிறகு கேட்கும்போது இந்த இரண்டும்தான் கையில் இருக்கும்.

தர மறுத்தாலோ, பிழையைத் திருத்த மறுத்தாலோ முதலில் கல்லூரி வழியாக எழுதச் செய்யுங்கள். கல்லூரியே அசையாவிட்டால், 2023-ஆம் ஆண்டின் மானியக் குழு ஒழுங்குமுறைப்படி ஒவ்வொரு கல்லூரிக்கும் இருக்க வேண்டிய மாணவர் குறைதீர் குழுவிடம் புகார் கொடுங்கள். புகார் கிடைத்த 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர முயல வேண்டும் என்கிறது விதி. முடிவு திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. பயிற்சி நடந்தது நகராட்சியிலோ அரசு மருத்துவமனையிலோ என்றால் தகவல் உரிமைச் சட்டப்படி உங்கள் வருகைப் பதிவின் நகலைக் கேட்கலாம். கேரளத்தில் கட்டணம் 10 ரூபாய், பதில் வர வேண்டியது 30 நாளுக்குள். பணம் வாங்கிக்கொண்டு பயிற்சி நடத்தியவர் ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். தேதி தவறு என்பதற்காக நீங்களே கணினியில் திருத்தி அச்சிட வேண்டாம். உண்மையான தேதியைத்தானே போட்டேன் என்று நினைப்பீர்கள். ஆனால் அடுத்தவர் கையெழுத்திட்ட ஆவணத்தை மாற்றியதாகக் குற்றச்சாட்டு வரும். போலி ஆவணத்தை உண்மையானது போலப் பயன்படுத்துவதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 340-ஆம் பிரிவு இருக்கிறது. பிழையுள்ள தாளை ஆபீசிலேயே திருப்பிக் கொடுத்து, அதே கோப்பு எண்ணில், 'திருத்தி வழங்கப்பட்டது' என்ற குறிப்போடும் புதிய தேதியோடும் வேறொன்று வாங்குங்கள். பழைய தாளின் நகல் ஒன்று அவர்கள் கோப்பில் இருக்கட்டும்.